விழுங்கத் திணறும் குழந்தையும் உணவு விலக்குச் சோதனையும்

பகலுணவு முடிந்து மற்றப் பிள்ளைகள் விளையாடச் சென்ற பின்னரும், தட்டின் முன் அமர்ந்து ஒவ்வொரு கவளத்தையும் நெடுநேரம் மென்றுகொண்டிருக்கும் குழந்தை சில வகுப்புகளில் உண்டு. கவளத்துக்குக் கவளம் அது தண்ணீர் குடிக்கும். சப்பாத்தியை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியையும் குழைந்த சோற்றையுமே நாடும். இதனைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளுதல் எளிது. ஆயினும் இத்தகைய குழந்தைகள் சிலருக்கு உணவுக் குழலிலேயே நோய் இருத்தல் கூடும். அவ்வாறான நோய்களுள் ஒன்று இயோசினோபில் உணவுக் குழல் அழற்சி என்பது.

இயோசினோபில் என்பது இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. நலமான உணவுக் குழலின் சுவரில் இவ்வணுக்கள் காணப்படுவதில்லை. சிலருடைய உடல் ஏதோ ஓர் உணவின் புரதத்தைப் பகையாகக் கொள்ளும்போது இவை அங்கே வந்து குவிகின்றன. குழல் வீங்கி, நாளடைவில் தழும்பேறிக் குறுகுகிறது. 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு முழுப் புரதமே இல்லாத அமினோ அமிலக் கரைசலை மட்டும் உணவாகக் கொடுத்தனர். அனைவருக்கும் நோய் நீங்கியது அல்லது தணிந்தது. உணவே இதற்குக் காரணம் என்பது அதனால் புலப்பட்டது. எந்த உணவு என்பதே ஒவ்வொரு குழந்தையிடத்தும் கண்டறிய வேண்டிய வினா.

இவ்வினாவுக்குத் தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ நம்பத்தக்க விடை தருவதில்லை. உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, உணவுக் குழலின் வெவ்வேறு உயரங்களிலிருந்து குறைந்தது ஆறு திசுத் துணுக்குகளை எடுத்து உருப்பெருக்கியில் காணுதல் வேண்டும். நோய் திட்டுத் திட்டாகப் பரவியிருப்பதால் ஓரிரு துணுக்குகள் போதா. மிகுதியாகப் பெருக்கிக் காணும் ஒரு பார்வைப் பரப்பில் இவ்வணுக்கள் 15 அல்லது அதற்கு மேல் இருந்து, அதற்கு வேறு காரணம் இல்லையாயின் நோய் உறுதியாகிறது. இச்சோதனைக்கு முன்பே வீட்டில் உணவை விலக்கத் தொடங்கினால் சான்று மறைந்துவிடும்.

இதன் பின் நிகழ்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வட இந்திய நகரம் ஒன்றில், மரக்கறி உணவு உண்ணும் குடும்பத்தைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். எடை 20 கிலோ. வாரத்தில் இருமுறை வாந்தி. சப்பாத்தி தொண்டைக்குக் கீழே நிற்பதாகச் சொல்கிறான். திசுச் சோதனையில் அணுக்கள் 42. மூன்று நாள் உணவுக் குறிப்பின்படி அவன் நாள்தோறும் 400 மில்லி லிட்டர் பாலும், ஏறத்தாழ 120 கிராம் கோதுமை மாவுச் சப்பாத்தியும் உண்கிறான்.

பால், கோதுமை, முட்டை, சோயா, நிலக்கடலையும் பிற கொட்டைகளும், மீன் வகைகள் ஆகிய ஆறுமே வழக்கமாக ஐயுறப்படுவன. ஆறனையும் ஒருங்கே விலக்குவது ஒரு முறை. ஆனால் வளரும் குழந்தைக்கு அது பெருஞ்சுமை. ஆகவே, பெரும்பாலும் குற்றவாளியாகக் காணப்படும் பாலை மட்டும் முதலில் விலக்கிப் படிப்படியாக மேற்செல்லும் முறையை மருத்துவர் மேற்கொண்டார்.

பாலை விலக்குவது எனில் தயிர், மோர், பன்னீர், கோவா, நெய், பால்பொடி சேர்ந்த பிஸ்கோத்து ஆகிய யாவும் விலகுதல் வேண்டும். பசும்பாலுக்கு ஈடாக எருமைப் பாலோ ஆட்டுப் பாலோ கொடுப்பதும் பயன் தராது. அவற்றின் புரதங்கள் பெரிதும் ஒத்தவை.

விலக்கிய உணவு எதைத் தந்துவந்தது என்பதையும் அன்றே கணக்கிடுதல் வேண்டும். 400 மில்லி லிட்டர் பாலில் கால்சியம் ஏறத்தாழ 480 மில்லி கிராமும் புரதம் 13 கிராமும் உள்ளன. இவ்வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு கால்சியம் 650 மில்லி கிராம், புரதம் 23 கிராம். ஆதலால் 60 கிராம் கேழ்வரகினால் 210 மில்லி கிராமும், மாத்திரையால் 250 மில்லி கிராமும் கால்சியம் ஈடுசெய்யப்பட்டன. கீரையிலும் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட்டு அதனை உடலில் சேரவிடாமல் தடுப்பதால் கீரை கணக்கில் கொள்ளப்படவில்லை. புரதத்துக்கு நாளும் 50 கிராம் பருப்பு கூடுதலாயிற்று. மரக்கறி உண்போருக்கு வைட்டமின் பி12 கிடைப்பது பெரும்பாலும் பாலினாலேயே. அதுவும் மருந்தாகக் கொடுக்கப்பட்டது.

எட்டு வாரத்தில் வாந்தி நின்றது. பெற்றோர் நோய் நீங்கியதென மகிழ்ந்தனர். ஆனால் இரண்டாம் திசுச் சோதனையில் அணுக்கள் 24. குழந்தையின் தோற்றத்தைக் கொண்டு இந்நோயை அளவிட இயலாது என்பதற்கு இதுவே சான்று. வாந்தி நின்ற பின்னும் குழலில் அழற்சி தொடரலாம்.

அடுத்த படியில் கோதுமையும் விலக்கப்பட்டது. மைதா, ரவை ஆகியவற்றோடு, மாவு கலந்து விற்கப்படும் கூட்டுப் பெருங்காயமும் நீங்கியது. சப்பாத்திக்கு ஈடாக அதே எடையுள்ள கம்பு, சோள ரொட்டி தரப்பட்டது. ஆற்றலும் புரதமும் ஏறத்தாழக் குறையவில்லை. கோதுமை அரைத்த ஆலையிலேயே கம்பையும் அரைத்தால் கலப்பு நேரும் என்பதால் வீட்டிலேயே அரைத்தனர். இரு வாரங்களுக்கு ஒருமுறை எடை பார்க்கப்பட்டது. எட்டு வாரங்களுக்குப் பின் அணுக்கள் 4 ஆயின.

பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றனர். நோய் தணிந்தது, எனவே இரண்டையும் வாழ்நாள் முழுதும் விலக்குவோம் என்பது அவர் எண்ணம். இது பிழை. பால் இன்றிக் கோதுமை உண்டபோது 24. இரண்டும் இன்றி 4. கோதுமைமீது ஐயம் வலுத்ததேயன்றிப் பாலின் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே கோதுமை விலக்கைத் தொடர்ந்து, பாலை மட்டும் மீண்டும் முன்னைய அளவில் கொடுத்தனர். எட்டு வாரங்களுக்குப் பின் அணுக்கள் 3. பால் குற்றமற்றது. மாத்திரை நின்றது, தயிரும் பாலும் சிறுவனுக்குத் திரும்பக் கிடைத்தன.

மீண்டும் சேர்க்கும்போது ஒரு வேளையில் ஓர் உணவே என்னும் விதி தவறலாகாது. இரண்டை ஒன்றாகச் சேர்த்து அணுக்கள் பெருகினால், எது காரணம் என அறிய வழியில்லை. நெடுநாள் விலக்கிய உணவை மீண்டும் தரும்போது சிலருக்கு உடனடி ஒவ்வாமை தோன்றலாம். முன்னர் தடிப்போ மூச்சுத் திணறலோ கண்ட குழந்தைக்கு இச்சோதனையை மருத்துவமனையிலேயே செய்தல் வேண்டும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. இச்சிறுவனுக்கு நான்கு முறை உள்நோக்குச் சோதனையும் ஏறத்தாழ ஆறு மாதமும் தேவைப்பட்டன. அவ்வசதி இல்லாவிடத்தும், எடை ஏறாது நிற்கும் குழந்தையிடத்தும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தோ விழுங்கத்தக்க ஸ்டிராய்டு மருந்தோ தக்க வழியாகலாம். எதைக் கொள்வது என்பது மருத்துவர் முடிவு.

களப்பணியாளர் செய்யத்தக்கன எடையையும் உயரத்தையும் வளர்ச்சி அட்டையில் தவறாது குறித்தலும், வீட்டில் உண்ட உணவைக் கேட்டெழுதுதலும் ஆகும். உண்பதற்குக் கூடுதல் நேரமும் தண்ணீரும் அளிப்பதும், பிள்ளைகள் உணவை மாற்றிக்கொள்ளாமல் பார்ப்பதும் ஆசிரியர் பொறுப்பு. மாற்றிக்கொண்ட ஒரு சப்பாத்தித் துண்டு எட்டு வாரச் சோதனையைப் பொய்யாக்கிவிடும். கவளம் சிக்கி, எச்சிலையும் விழுங்க இயலாமல் குழந்தை துப்பிக்கொண்டிருந்தால், மேலும் உணவூட்டித் தள்ள முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.