ஐந்து நாள் என்பது எந்த ஃப்ரிட்ஜில்?

"அண்ணாச்சி, மாவு புளிச்சதா, புளிக்காததா?"

"இன்னிக்கு வந்ததும்மா. ராத்திரி வெளிய வெச்சீங்கன்னா காலையில இட்லிக்குச் சரியா இருக்கும்."

சென்னையின் எந்த மளிகைக் கடையிலும் சாயங்காலம் காதில் விழக்கூடிய பேச்சுதான் இது. மாவு எந்த நிலையில் இருக்கிறது, இனி எவ்வளவு நேரம் வேண்டும் என்று கடைக்காரர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். அவர் கையில் இருக்கும் பாக்கெட்டோ பெரும்பாலும் 'ஃப்ரெஷ்', 'வீட்டுச் சுவை' என்றுதான் பேசும். கூடவே ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி எந்தக் குளிர்ச்சியில், எந்தப் புளிப்பு நிலையிலிருந்து எண்ணப்பட்டது என்று தெரியாவிட்டால் அதனால் பெரிய பயன் கிடையாது.

ஈரமாவு வியாபாரம் வெகுகாலம் பாலித்தீன் கவரும் ரப்பர் பேண்டுமாகத்தான் நடந்தது. காலையில் அரைத்தது மாலையில் விற்றுவிடும். தேதிக்கே தேவை இருக்கவில்லை. 2005இல் பெங்களூருவில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்தைத் தொடங்கியது, இந்த ரப்பர் பேண்ட் மாவுக்கு மாற்றாகத்தான். மாவு தெருவைத் தாண்டி ஊருக்குள் பயணம் போகத் தொடங்கியதும் புளிப்பு ஒரு போக்குவரத்துப் பிரச்சினையாகிவிட்டது.

மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலுமே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றில் முக்கியமானது லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது இரண்டு வேலை செய்கிறது: அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பைக் கொடுக்கிறது, கரியமில வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்கவைக்கிறது. அந்த வாயுவைக் குமிழ்களாகப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் கொழகொழப்பும். முப்பது டிகிரி வெப்பத்தில் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் மாவு பொங்கி இட்லிப் பதத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் அமிலம் சேர்ந்துகொண்டே போகும், ஆனால் குமிழ்கள் தளரும். புளிப்பு ஏறிய மாவில் இட்லி அமுங்கிப் போவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் நன்றாகப் பொங்கிய மாவையே பாக்கெட் போட்டு விற்றால் வாங்குபவருக்கு வசதிதானே? இங்கேதான் சிக்கல். பொங்கிய மாவை மெஷினில் ஊற்றி, குழாய் வழியாகத் தள்ளி, கவரில் நிரப்பும்போது குமிழ்கள் பாதிக்கு மேல் உடைந்துவிடும். புளிப்பு இருக்கும், உப்பல் இருக்காது. அதில் தோசை வரும். பூப்போன்ற இட்லி வராது. அதனால் விவரம் தெரிந்த தயாரிப்பாளர்கள் அரைத்த உடனேயோ லேசாகப் புளிக்கத் தொடங்கியதுமோ நிரப்பிவிட்டு, கவரின் மேல்பகுதியில் கொஞ்சம் இடம் விடுகிறார்கள். மாவு பாக்கெட்டுக்குள்ளேயே, யாரும் கலக்காமல் பொங்க வேண்டும் என்பது கணக்கு. வாயு வெளியேறச் சில கவர்களில் நுண்ணிய துளையோ வால்வோ இருக்கும். பாக்கெட் உப்பியிருந்தால் கெட்டுவிட்டது என்று பயந்து திருப்பித் தருபவர்கள் உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்தக் கரியமில வாயுதான்.

அடுத்தது குளிர்ச்சி. கிரைண்டர் கல்லின் உராய்வில் மாவு சூடாகிவிடும் என்பதால், பட்டறைகளில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். சூடான மாவு பாக்கெட்டுக்குள் போய்விட்டால், குளிர்வதற்கு முன்பே பாதி புளித்துவிடும். இன்னொரு தப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. ஒரு கிலோ பாக்கெட்டுகளைப் பிளாஸ்டிக் கிரேட்டில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, கிரேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குளிர் அறைக்குள் தள்ளிவிடுவார்கள். ஓரத்துப் பாக்கெட்டுகள் சீக்கிரம் குளிர்ந்துவிடும். நடுவில் இருப்பவை பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஒரே நாளில் அரைத்து, ஒரே தேதி அச்சிட்ட பாக்கெட்டுகளில் ஒன்று மூன்றாம் நாளே காடியாகவும் மற்றொன்று ஐந்தாம் நாளும் நன்றாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்கைந்து டிகிரியில் புளிப்பு நின்றுவிடுவதில்லை, மெதுவாகிறது. லூக்கோனோஸ்டாக் குளிரையும் ஓரளவு தாங்கி வளரக்கூடியது. எவ்வளவு மெதுவாகும் என்பதற்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: பத்து டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். முப்பது டிகிரியிலிருந்து ஐந்து டிகிரிக்கு வந்தால் வேகம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கிலிருந்து பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இதைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் விளங்கும். வெளிவெப்பத்தில் மூன்று மணி நேரம் இருந்த பாக்கெட், ஃப்ரிட்ஜில் கழிக்க வேண்டிய பதினெட்டு முதல் நாற்பத்தைந்து மணி நேரத்தை அங்கேயே செலவழித்துவிட்டது. ஐந்து நாள் ஆயுளில் முக்கால் நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு நாள்வரை வழியிலேயே காலி.

இந்தக் கணக்கை வைத்து ஒரு சிறு தயாரிப்பாளரின் டெலிவரி எல்லையைப் போட்டுப் பார்க்கலாம். அம்பத்தூரில் பட்டறை, பைக்கில் ஐஸ் ஜெல் வைத்த தெர்மாகோல் பெட்டி. பெட்டி இரண்டு மணி நேரம் குளிர் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வேளச்சேரிவரை போய்ச் சில கடைகளில் போட்டுவிடலாம். அதே வழியில் மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கிண்டியைத் தாண்டுவதற்குள்ளேயே ஐஸ் உருகியிருக்கும். 'முப்பது கிலோமீட்டருக்குள் டெலிவரி' என்று எழுதுவதைவிட, காலை நேரத்துக்கு இந்தப் பகுதிகள், மாலையில் அண்ணா நகரும் முகப்பேரும் மட்டும் என்று எழுதுவதுதான் நேர்மையான விவரம். ஆர்டர் கொஞ்சம் குறையும், உண்மைதான். புளித்துத் திரும்பி வரும் பாக்கெட்டும் குறையும்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபின் நடப்பது தயாரிப்பாளர் கையில் இல்லை. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடும் கடைகள் உண்டு. அங்கே மாவு காலைக்குள் ஒரு சுற்றுப் புளித்துவிட்டு, மறுபடி குளிர்ந்து, பார்வைக்கு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும்.

ஆக, பாக்கெட்டின் முதுகில் இப்படி நாலு வரி இருந்தால் போதும்: 'அரைத்தது: செவ்வாய் மாலை. புளிக்காத மாவு, உப்பு சேர்த்தது. 5 டிகிரிக்குக் கீழ் வைத்தால் ஐந்து நாள். இட்லிக்கு: வெளியே எடுத்து 5 மணி நேரம், குளிர்காலத்தில் 8 மணி நேரம், கிளறாமல் ஊற்றவும்.' சோடா உப்பு சேர்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சோடா புளிப்பை அமுக்கிவிடுவதால் பழைய மாவும் புதிதுபோல ருசிக்கும். இட்லி லேசாக மஞ்சளடித்து, நாக்கில் சோப்பு வாடை தட்டினால் சந்தேகப்படலாம்.

வீட்டில் பார்க்க வேண்டியது எளிது. மேலே தண்ணீர் பிரிந்து நிற்பதோ காடிப் புளிப்போ கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. அது தோசைக்கு, இன்னும் ஏறினால் வெங்காயம் போட்ட ஊத்தப்பத்துக்கு. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புத் திட்டுகளோ நூல்போல இழுபடும் கொழகொழப்போ அழுகல் நாற்றமோ இருந்தால், மேலாக வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை உபயோகிக்காமல் முழுதாகக் கொட்டிவிட வேண்டும். வாசலில் வாங்கும்போதே பாக்கெட் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால், அச்சிட்ட தேதியை விட்டுவிட்டு அன்றிரவோ மறுநாள் காலையோ ஊற்றித் தீர்த்துவிடுவது நல்லது.