10 சதவீதம் என்றார்கள், தாளில் 17.92 என்று இருக்கிறதே?
வாகனக் கடன் வட்டி: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஷோரூமில் பைக் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றார்கள். கையெழுத்துப் போடும்போது பார்த்தால் தாளில் 17.92 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. மாதத் தவணை மட்டும் மாறவில்லை. எதை நம்புவது?

தவணை மாறவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது. கடன் ஒன்றுதான், அதை இரண்டு விதமாகக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கடன் 90,000 ரூபாய், 36 மாதம் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

ஷோரூமில் சொன்னது பிளாட் வட்டி. 90,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 9,000 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 27,000. அசலோடு கூட்டினால் 1,17,000. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 3,250 ரூபாய். கணக்கு இவ்வளவுதான். பேப்பரும் பேனாவும் இருந்தால் எவரும் போட்டுவிடலாம் என்பதால்தான் இந்த முறை கடைகளில் இன்னும் நீடிக்கிறது.

ஆனால், இதில் ஒரு கோளாறு உண்டு. நீங்கள் மாதாமாதம் கட்டும் 3,250 ரூபாயில் வட்டி மட்டுமல்ல, அசலும் சேர்ந்தே போகிறது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது 90,000 ரூபாயில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருப்பீர்கள். பிளாட் கணக்கோ அந்த ஆண்டுக்கும் முழு 90,000 ரூபாய்க்கே 9,000 வட்டி வாங்குகிறது. உங்கள் கையில் இல்லாத பணத்துக்கும் வட்டி போகிறது என்று பொருள்.

உண்மையில் பாக்கி நிற்கும் தொகைக்கு மட்டும் வட்டி போட்டு, அதே 3,250 ரூபாய்த் தவணை வர வேண்டுமானால் ஆண்டு வட்டி எவ்வளவாக இருக்க வேண்டும்? அதற்கான விடைதான் 17.92. இதைக் குறையும் இருப்பு வட்டி என்கிறோம்; ஃபைனான்ஸ் ஆட்கள் ரெடியூசிங் அல்லது டிமினிஷிங் என்பார்கள். நம்ப வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எங்கள் ஊரில் கைமாற்றுக் கடனுக்கு ‘நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி’ என்றால் மாதாமாதம் முழு அசலுக்கும்தானே வட்டி கொடுக்கிறோம்? பிளாட் வட்டியில் மட்டும் என்ன தவறு?

அருமையான கேள்வி. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஊரில் ஒரு வட்டிக்கு 90,000 ரூபாய் வாங்கினால் மாதம் 900 ரூபாய் வட்டி கொடுப்பீர்கள். அசல் அப்படியே உங்களிடம் இருக்கும். மூன்று ஆண்டு கழித்து அசலை மொத்தமாகத் திருப்பித் தருவீர்கள். கடைசி நாள்வரை 90,000 ரூபாயும் உங்கள் பயன்பாட்டில் இருந்ததால், முழு அசலுக்கும் வட்டி கொடுப்பது சரியே.

வண்டிக் கடனில் அப்படியில்லை. அசல் மாதாமாதம் கரைகிறது. “வட்டி நூற்றுக்கு 83 பைசாதான் சார், ஒரு ரூபாய்கூட இல்லை” என்று விற்பனையாளர் சொல்வது இதே 10 சதவீத பிளாட்டைத்தான். ஊர் வழக்கத்தோடு நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் 17.92-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் வருகிறது. 83 பைசா என்று கேட்டதும் ‘ஊர் வட்டியைவிடக் குறைச்சல்’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு தவறு.

அப்படியானால் ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு போகிறது?

முதல் மாதம் 90,000 ரூபாய் முழுவதும் பாக்கி. அதற்கு 17.92 சதவீதக் கணக்கில் ஒரு மாத வட்டி 1,344 ரூபாய். நீங்கள் கட்டிய 3,250-இல் அது போக மீதி 1,906 ரூபாய் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் 88,094 ரூபாய்க்கு மட்டும் வட்டி, அதாவது 1,316. இப்படியே இறங்கிக்கொண்டே போய், 36-ஆம் தவணையில் வட்டி வெறும் 48 ரூபாயாக நிற்கும்.

முதல் ஆண்டில் 14,149 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 9,315, மூன்றாம் ஆண்டில் 3,536 என வட்டி போகிறது. கூட்டிப் பாருங்கள், அதே 27,000 வரும். பிளாட் என்று வாய்மொழியாகச் சொன்னாலும், கடனுக்கான தவணை அட்டவணை பெரும்பாலும் இந்த முறையில்தான் இருக்கும்.

உண்மையிலேயே 10 சதவீதம் குறையும் இருப்பு வட்டியில் இதே கடன் கிடைத்திருந்தால் தவணை 2,904 ரூபாய், மூன்றாண்டு வட்டி சுமார் 14,546. உங்களுக்கோ 27,000. ‘10 சதவீதம்’ என்ற ஒரே சொல்லுக்குள் 12,450 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

பிளாட் வட்டியை இரண்டால் பெருக்கினால் உண்மை வட்டி வரும் என்கிறார்களே?

கிட்டத்தட்ட வரும், சரியாக வராது. 1.8-ஆல் பெருக்குவது இன்னும் நெருக்கம். 10 சதவீத பிளாட், ஓராண்டுக் கடனில் 17.97 ஆகிறது, மூன்றாண்டில் 17.92, ஐந்தாண்டில் 17.27. வட்டி வீதம் கூடக்கூட, கடன் காலம் இரண்டாண்டைத் தாண்டி நீள நீள, இந்தப் பெருக்கு எண் கொஞ்சம் இறங்கும். ஷோரூமில் நின்றுகொண்டே சட்டென மதிப்பிட 1.8 போதும். கையெழுத்துக்கு முன்னால் துல்லியமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் இடத்தில் 8 சதவீதம் பிளாட், வங்கியில் 14 சதவீதம் ரெடியூசிங் என்கிறார்கள். 8-தானே லாபம்?

இல்லை. 90,000 ரூபாய், 36 மாதம் என்றால் 8 சதவீத பிளாட்டுக்குத் தவணை 3,100 ரூபாய். 14 சதவீத ரெடியூசிங்குக்கு 3,076. பெரிய எண்ணாகத் தெரியும் 14-தான் மலிவு. வட்டி வீதங்கள் வேறு வேறு முறையில் சொல்லப்படும்போது அவற்றை ஒப்பிடவே கூடாது. கடன் தொகையும் மாதங்களும் ஒன்றாக இருந்தால் தவணையை ஒப்பிடுங்கள். “எத்தனை சதவீதம்?” என்று கேட்பதைவிட, “கைக்கு எவ்வளவு வரும், எத்தனை மாதம், மாதம் எவ்வளவு?” என்று கேட்பது பயன் தரும்.

தாளில் ‘ஏபிஆர்’ என்று இன்னொரு எண் இருக்கிறது. அது 17.92-ஐயும் தாண்டி 20.1 என்கிறதே?

ஏபிஆர் என்பது கட்டணங்களையும் சேர்த்துப் பார்த்த ஆண்டுச் செலவு வீதம். 90,000 ரூபாய்க் கடனில் பரிசீலனைக் கட்டணம், டாக்குமென்ட் சார்ஜ் என்று 2,700 ரூபாய் பிடித்துக்கொண்டால், உங்களுக்குப் பயன்பட்டது 87,300 மட்டுமே. தவணையோ 90,000-க்கு உரிய அதே 3,250. 87,300 வாங்கி 36 மாதம் 3,250 கட்டினால் வட்டி 20.1 சதவீதம் ஆகிறது. கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீட்டுப் பாலிசியும் போட்டு அதன் பிரீமியத்தைப் பிடித்திருந்தால், அதுவும் ஏபிஆரில் சேர்ந்தாக வேண்டும்.

இதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டு: முதல் தவணையைக் கடன் கொடுக்கும் அன்றே வாங்கிக்கொள்வது. ‘எப்படியும் கட்ட வேண்டியதுதானே’ என்று நாமும் சரி என்றுவிடுகிறோம். ஆனால், 3,250 ரூபாய் உங்களிடம் ஒரு நாள்கூட இருக்கவில்லை. அதற்கும் மூன்றாண்டு வட்டி சேர்த்தாயிற்று. நமது எடுத்துக்காட்டில் கட்டணத்தோடு இதையும் சேர்த்தால் உண்மைச் செலவு 21.4 சதவீதத்துக்குப் போகிறது. 10-இல் தொடங்கிய பேச்சு வந்து நிற்கும் இடம் இது. முன்தவணை வாங்கிக்கொண்டு முழுக் கடனுக்கும் வட்டி கணக்கிடுவதை நியாயமற்ற நடைமுறைகளில் ஒன்றாக ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று சுற்றறிக்கையிலேயே குறிப்பிட்டிருக்கிறது. உங்களிடம் முன்தவணை கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தக் கணக்கை நாமே போட முடியுமா?

செல்போனில் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும். மாதங்கள், தவணை, கைக்கு வந்த தொகை ஆகிய மூன்றையும் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
=RATE(36,-3250,90000)*12
=RATE(36,-3250,87300)*12
=RATE(36,-3250,87300,0,1)*12
```

முதல் வரி பிளாட்டுக்கு நிகரான உண்மை வட்டியைத் தரும். இரண்டாவது வரி, கட்டணம் பிடித்த பிறகு உள்ள வட்டி. மூன்றாவது வரி, கட்டணத்தோடு முதல் தவணையையும் முன்கூட்டியே வாங்கியிருந்தால் வரும் வட்டி. தவணைக்கு முன்னால் கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை வராது. 0.1792 என்று வந்தால் 17.92 சதவீதம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இந்த விவரங்களைக் கேட்டால் தருவார்களா?

கேட்காமலே தர வேண்டும். வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் தனிநபருக்குத் தரும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, 2024 அக்டோபர் 1 முதல், முக்கிய விவரங்கள் அடங்கிய கேஎஃப்எஸ் என்ற தாளைக் கட்டாயம் தர வேண்டும். ஏபிஆர், எல்லாக் கட்டணங்களும், தவணை அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதி, விளக்கியும் சொல்ல வேண்டும். அதில் காட்டாத கட்டணத்தைப் பிறகு உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட காலக் கடனுக்கு, தாளைத் தந்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாட்கள் அந்த நிபந்தனைகள் செல்லுபடியாகும். “இன்றைக்கே போடாவிட்டால் ஆஃபர் போய்விடும்” என்று யாராவது அவசரப்படுத்தினால், தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அந்த மூன்று நாளைப் பயன்படுத்துங்கள்.

இதில் ஒரு வரம்பு: ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இல்லாத உள்ளூர் ஃபைனான்ஸில் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. அங்கே மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுக்கொள்வதுதான் வழி.

18 தவணை கட்டிவிட்டேன். பாதி முடிந்தது, 45,000 கொடுத்து முடித்துவிடலாம் என்று போனால் 50,967 ரூபாய் கேட்கிறார்கள். இது எப்படி?

பிளாட் கணக்குப்படி மாதம் 2,500 ரூபாய் அசல், 750 ரூபாய் வட்டி. 18 மாதத்தில் 45,000 அசல் கழிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். தவணை அட்டவணையோ நாம் மேலே பார்த்த 17.92 சதவீத முறையில் போகிறது. தொடக்கத்தில் வட்டி அதிகம், அசல் குறைவு. நீங்கள் கட்டிய 58,500 ரூபாயில் 19,467 வட்டிக்கும் 39,033 அசலுக்கும் போயிருக்கிறது. மீதி 50,967. எண் சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கு மேல் முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமும் அதற்கான வரியும் கேட்கக்கூடும். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தொழில் சாராத தேவைக்கு வாங்கிய தனிநபரிடம் இந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பிளாட் முறையில் பேசிய வண்டிக் கடன் பொதுவாக நிலையான வட்டிக் கடன் என்பதால் அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள். மீதமுள்ள 18 தவணையையும் கட்டினால் இனி போகும் வட்டி 7,533 ரூபாய். கேட்கும் கட்டணம் இதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் மட்டுமே இப்போது முடிப்பதில் லாபம். முடிப்பதானால் ரசீதோடு நிலுவையில்லாச் சான்றும் வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை ஆர்டிஓ அலுவலகத்தில் நீக்கச் சொல்லுங்கள்.