பசு ஏன் பெண்பால் இல்லை?

பசு பெண்தானே, பிறகு ஏன் 'பசு வந்தாள்' என்று சொல்வதில்லை? இப்படிக் கேட்கும் பிள்ளையிடம் 'அது அஃறிணை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பதில் சரிதான், ஆனால் பிள்ளையின் குழப்பம் தீராது. குழப்பம் 'பால்' என்ற சொல்லில் இருக்கிறது.

பால் என்றதும் ஆணா பெண்ணா என்பதுதான் இன்று நம் மனத்தில் எழுகிறது. பழைய பொருள் 'பகுதி'. பகு, பங்கு ஆகியவற்றின் உறவுச்சொல் அது. திருக்குறளின் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் இருப்பது இந்தப் பால்தான். 'அப்பால் போ' என்னும்போது அந்தப் பக்கத்தைக் குறிப்பதும் இதுவே.

வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. வினையின் முடிவு ஐந்து விதமாக மாறுவதைக் கண்ட இலக்கணப் புலவர்கள், ஐந்து பகுதிகள் என்று பிரித்தார்கள்: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். பலர் என்பது எண்ணிக்கை. அதையும் 'பால்' என்றதிலிருந்தே, அவர்கள் உடலை வைத்துப் பகுக்கவில்லை என்று தெரிகிறது. காளையும் வந்தது, பசுவும் வந்தது. வினை அங்கே ஆணையும் பெண்ணையும் பிரிக்கவில்லை. பசுக்கள் வந்தன என்னும்போதுதான் வினை மாறுகிறது. மொழி பிரித்த இடத்தில்தான் இலக்கணமும் கோடு போட்டது.

இந்த ஐந்துக்கும் மேலே இருக்கும் பெரிய பிரிவு திணை. குலம், ஒழுக்கம் என்பவை அதன் பழைய பொருள்கள். குறிஞ்சித்திணை, முல்லைத்திணை என்று அகப்பாடல்களில் வருவதும் இதே சொல்தான். அங்கே ஒழுக்கம் என்ற பொருள் மேலோங்கும். மனிதரைக் குறிப்பது உயர்திணை. தொல்காப்பியத்தின் மரபியல் மனத்தை ஆறாவது அறிவாக மக்களுக்கு வைத்திருப்பதை நினைத்தால், 'உயர்' என்ற அடைமொழிக்குக் காரணம் விளங்கும். மற்றதற்கு 'தாழ்திணை' என்று பெயரிடவில்லை என்பதை நான் மிக நுட்பமாகக் கருதுகிறேன். 'அல்' என்றால் அல்லாத. பல்லும் துளியும் சேர்ந்து பஃறுளி ஆனதுபோல, அல்லும் திணையும் சேர்ந்து அஃறிணை ஆயிற்று. உயர்திணை அல்லாதது, அவ்வளவுதான். கல்லையும் மரத்தையும் பசுவையும் ஒரே பெயரில் அடக்க வேண்டுமானால், அவற்றுக்குப் பொதுவாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றே.

ஆனால் மனிதரைக் குறிக்கும் எல்லாச் சொல்லும் உயர்திணை முடிவு பெறுவதில்லை. குழவி, மகவு, அரசு போன்ற சொற்கள் மக்களைக் குறித்தாலும் அஃறிணையாகவே முடியும் என்று தொல்காப்பியர் தனியே பட்டியலிட்டிருக்கிறார். அந்த வழக்கு இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. தொட்டிலை எட்டிப் பார்க்கும் பாட்டி 'குழந்தை தூங்குது' என்பாள். பெயர் சொல்லிப் பேசும்போது, அதே பிள்ளையை 'முருகன் தூங்குறான்' என்பாள்.