பக்கம் இல்லை... ஆனால் முறுக்கு இருக்கிறது!

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கிள்ளானில் பலகாரம் செய்து விற்கும் அக்கா ஒருவர் என்னை அழைத்தார். “தம்பி, போன வருஷத்து லிங்க்க யாரோ குடும்ப குரூப்புல போட்டுட்டாங்க. அழுத்துனா கடைய மூடிட்ட மாதிரி காட்டுதாம்.”

நானும் அழுத்திப் பார்த்தேன். வெள்ளைத் திரை. நடுவில் Not Found என்று இரண்டே சொற்கள். கடையின் பெயரில்லை, படமில்லை, அடுத்து எங்கே போவது என்றும் இல்லை. வானொலியில் பாட்டு பாதியில் நின்று அறிவிப்பாளரும் பேசாமல் இருந்தால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார் அல்லவா? அப்படித்தான்.

கேட்ட பக்கம் தன்னிடம் இல்லை என்று சர்வர் சொல்லும் குறியீடுதான் 404. ஏன் இல்லை என்பது பெரும்பாலும் அதற்கே தெரியாது. பக்கத்தை நாம் எடுத்திருக்கலாம், முகவரியை மாற்றியிருக்கலாம், வந்தவர் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டியிருக்கலாம். அதனால், “நீங்கள் தவறான முகவரியை உள்ளிட்டுள்ளீர்கள்” என்று எழுதுவது வந்தவர் மேல் வீண்பழி போடுவதாகிவிடும்.

முதலில் நான் எழுதிக் கொடுத்தது இது: “அச்சச்சோ! முறுக்கு நொறுங்கிப் போச்சு!” கடைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அக்கா சிரிக்கவில்லை. “பணம் கட்டிட்டு பார்சலுக்குக் காத்திருக்கவங்க இதப் பார்த்தா, அவங்க முறுக்குதான் நொறுங்கிடுச்சுன்னு நினைப்பாங்களே?” என்றார். அவர் சொன்னது சரி. சும்மா பார்க்க வந்தவரும் ஆர்டரைத் தேடி வந்தவரும் இதே பக்கத்தில்தான் வந்து நிற்பார்கள். பதற்றத்தில் இருப்பவர் படித்தாலும் உறுத்தாத வேடிக்கைதான் இங்கே செல்லும்.

கடையின் குரல் எது என்று யோசித்தேன். அக்கா தொலைபேசியை எடுத்ததும் “வாங்க, என்ன வேணும்?” என்றுதான் ஆரம்பிப்பார். பாக்கெட்டில் ஒட்டும் தாளிலும் அதே பேச்சு நடைதான். அதையே எடுத்துக்கொண்டு மாற்றி எழுதினோம்:

“வாங்க! நீங்க தேடுன பக்கம் இப்ப இங்க இல்ல. பழைய தீபாவளிப் பட்டியலா இருந்தா எடுத்திருப்போம். முகவரியில ஓர் எழுத்து மாறினாலும் இப்படி வரும். என்ன வேணும்?”

கீழே மூன்று பொத்தான்கள்: “இந்த வருஷப் பலகாரம்”, “என் ஆர்டர் எங்க?”, “அக்காகிட்ட புலனத்துல கேளுங்க”. ‘முகப்புக்குச் செல்லவும்’ என்ற ஒன்றை மட்டும் வைத்திருந்தால், அச்சு முறுக்கைத் தேடி வந்தவர் வாசலிலிருந்து மறுபடியும் தேட வேண்டும். பத்துப் பொத்தான் வைத்தாலும் சிக்கல்தான், எதை அழுத்துவது என்று நிற்பார்.

அந்தக் குடும்பக் குழுவில் சுற்றிய முகவரிக்கு இந்த அறிவிப்பே தேவையில்லை. அதே அச்சு முறுக்கு இந்த ஆண்டும் விற்பனையில் இருக்கிறது. எனவே பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டோம். அக்காவின் தளம் அப்பாச்சி சர்வரில் ஓடுவதால், .htaccess கோப்பில் இரண்டு வரி போதுமானதாக இருந்தது:

```
Redirect 301 /deepavali-lama/achu-murukku /achu-murukku
ErrorDocument 404 /404.html
```

இல்லாத எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். தேடியது கிடைக்காமல், காரணமும் தெரியாமல் வந்தவர் குழம்புவார். கூகலும் அதைப் போலி 404 என்றே கருதக்கூடும். இரண்டாவது வரியில் https:// என்று தொடங்கும் முழு முகவரியைப் போட்டாலும் தவறு. அப்போது சர்வர் 404 என்று சொல்லாமல், வந்தவரை வேறு முகவரிக்கு அனுப்பிவிடும். கணினி பிரவுசரில் F12 அழுத்தி, Network பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு இல்லாத முகவரி ஒன்றைத் தட்டுங்கள். அழகான அறிவிப்பு தெரியும்போதே, முதல் வரியில் 404 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

நாங்கள் சறுக்கியது வேறோர் இடத்தில். /abc என்று தட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது. /abc/xyz என்று தட்டினால் கடைச் சின்னத்தைக் காணோம்! படத்தின் முகவரியை images/logo.png என்று எழுதியிருந்தோம், பிரவுசர் அதை abc என்ற இல்லாத அறைக்குள் போய்த் தேடியிருக்கிறது. முன்னால் ஒரு சாய்கோடு போட்டு /images/logo.png என்று மாற்றியதும் சரியானது.

கடைசியில் அக்கா கேட்டார்: “அந்த 404 நம்பர எடுத்துடலாமா?” பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கட்டும் என்றேன். வாடிக்கையாளர் திரையைப் படமெடுத்து அனுப்பினால், தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு என்ன பிரச்சினை என்று உடனே தெரிந்துவிடும்.