பொள்ளாச்சிக் கிளை உண்மையில் பின்தங்கியதா?

கிளைகள் பல வைத்திருக்கும் சேவை நிறுவனங்களில், மாதம் பிறந்ததும் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பட்டியல் போகும். கிளையின் பெயர், மாத வருமானம், ஆட்களின் எண்ணிக்கை, பிறகு வருமானத்தை ஆட்களால் வகுத்து வந்த தொகை. அதற்கு ‘ஆள் சராசரி வருமானம்’ என்று பெயர். அந்தத் தொகையை வைத்து வரிசைப்படுத்தினால், கடைசியில் நிற்கும் கிளையின் மேலாளருக்கு உடனே போன் வரும். ஊக்கத்தொகை, இடமாற்றம், ஆள்குறைப்பு எல்லாம் இந்த ஓர் எண்ணை வைத்தே முடிவாவதுண்டு. அதனால் அந்த எண்ணுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இருசக்கர வாகன சர்வீஸ் சென்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு முதலாளிக்கு கோவை காந்திபுரம், திருப்பூர், பொள்ளாச்சி என மூன்று இடங்களில் கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை நானே போட்டிருக்கிறேன். ஒரு மாதத்தில் காந்திபுரம் 18 லட்சம் ரூபாய்க்கு பில் போட்டது, ஆட்கள் 12 பேர். திருப்பூர் 12 லட்சம், 10 பேர். பொள்ளாச்சி 7.2 லட்சம், 8 பேர். வகுத்தால் காந்திபுரத்தில் ஆளுக்கு 1,50,000, திருப்பூரில் 1,20,000, பொள்ளாச்சியில் 90,000. பில் தொகையிலிருந்து ஜிஎஸ்டியை ஏற்கெனவே கழித்துவிட்டேன். அது அரசாங்கத்தின் பணம், கடையின் வருமானம் இல்லை.

இந்த நிலையில் பார்த்தால் பொள்ளாச்சி ஆட்கள் காந்திபுரம் ஆட்களைவிட நூற்றுக்கு நாற்பது பங்கு குறைவாக உழைப்பதுபோல் தெரிகிறது. ஆனால் ஒரு சர்வீஸ் பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில், பிரேக் ஷூ, செயின் செட், பேட்டரி, டயர் என்று வரிசையாக இருக்கும். கீழே ஒரு வரியில் லேபர் சார்ஜ் இருக்கும். டயரும் பேட்டரியும் வேறு யாரோ செய்தவை. கடை அவற்றை வாங்கி, கொஞ்சம் லாபம் வைத்து மாட்டித் தருகிறது. நகரத்துக் கிளையில் டயரும் பேட்டரியும் அதிகமாக விற்றால் பில் தொகை ஏறும், ஆனால் மெக்கானிக்கின் கை அந்த அளவுக்குக் கூடுதலாக வேலை செய்திருக்காது.

அதனால் முதல் வேலை, வெளியிலிருந்து வாங்கியதைக் கழிப்பது. ஸ்பேர்ஸ், ஆயில் இவற்றின் கொள்முதல் விலை, லேத் பட்டறைக்கும் பெயின்டருக்கும் கொடுத்தது, கரண்ட் பில் எல்லாவற்றையும் வருமானத்திலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவதைப் பொருளியலில் ‘கூட்டிய மதிப்பு’ என்கிறார்கள். அந்தக் கூரையின் கீழ் புதிதாக உண்டான மதிப்பு அதுதான். உழைப்பின் உற்பத்தித்திறன் என்று முறையாகச் சொல்லும்போது இதைத்தான் வகுக்க வேண்டும். கடை வாடகையையும் கழிப்பதுதான் வழக்கமான முறை. ஆனால் கிளைகளின் ஆட்களை ஒப்பிடும்போது நான் அதைத் தொடுவதில்லை. காந்திபுரத்தில் வாடகை அதிகம் என்பதற்கு அங்கே வேலை பார்ப்பவர் பொறுப்பாக முடியாது.

காந்திபுரத்தில் இப்படிக் கழிபடுவது 12 லட்சம், திருப்பூரில் 6.6 லட்சம், பொள்ளாச்சியில் 3.2 லட்சம் என்று வைப்போம். மிஞ்சுவது முறையே 6 லட்சம், 5.4 லட்சம், 4 லட்சம். ஆளுக்கு என்று வகுத்தால் 50,000, 54,000, 50,000. பெரிய இடைவெளி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் எந்தக் கிளையிலும் யாரும் எதையும் மாற்றவில்லை.

அடுத்து ஆட்களை எண்ணுவோம். சம்பளப் பட்டியலில் காந்திபுரத்துக்கு 12 பேர். ஆனால் கடைக்குள் நுழைந்தால் 16 பேர் வேலை செய்கிறார்கள். வாட்டர் வாஷ் செய்யும் இருவரும், வீட்டுக்குப் போய் வண்டி எடுத்துவரும் இருவரும் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். அவர்களுக்கான பணம் சம்பளக் கணக்கில் வராமல் செலவுக் கணக்கில் போகிறது. பொள்ளாச்சியில் வண்டி கழுவுவதும் சம்பளப் பட்டியலில் இருப்பவர்தான். ஒரே வேலை ஒரு கிளையில் ஆளாகவும் இன்னொரு கிளையில் பில்லாகவும் பதிவானால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும். சரிசெய்ய இரண்டு வழி உண்டு. கான்ட்ராக்டர் பில்லைச் செலவாகக் கழித்துவிட்டு அவர்களை எண்ணாமல் விடலாம். அல்லது கழிக்காமல் வைத்து, அவர்களையும் எண்ணலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. நான் மேலே கழித்த 12 லட்சத்தில் கான்ட்ராக்டர் பில் இல்லை. எனவே 16 பேரால் வகுக்க வேண்டும். காந்திபுரம் 37,500 ஆகிறது.

இந்தச் சிக்கல் சிறு கடைகளுக்கு மட்டும் உரியதல்ல. நம் வங்கிகள் ஆண்டறிக்கையில் ‘ஊழியர் ஒருவருக்கான வணிகம்’ என்று ஓர் எண்ணை வெளியிடுகின்றன. டெபாசிட்டையும் கடனையும் கூட்டி ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தது அது. கிராமத்தில் கைக்கருவியோடு உட்கார்ந்து பணம் கொடுத்து வாங்கும் வங்கி மித்ரா, வங்கியின் சம்பளப் பட்டியலில் வரும் ஊழியர் அல்லர். அவர் சேர்த்துத் தரும் டெபாசிட் மேலே இருக்கும், அவருடைய தலை கீழே இருக்காது. இரண்டு வங்கிகளையோ இரண்டு கிளைகளையோ அந்த எண்ணால் ஒப்பிடுபவர் இதை முதலில் கேட்க வேண்டும்.

தலையை எண்ணியதும் போதாது, மணியை எண்ண வேண்டும். காந்திபுரத்தில் நாளுக்கு 10 மணி நேரம் வேலை நடக்கிறது. மற்ற இரண்டிலும் 9 மணி நேரம். பொள்ளாச்சியில் இருவர் அரை நாள் மட்டும் வருபவர்கள். வருகைப் பதிவேட்டை வைத்து, லீவு போக, உண்மையில் வேலையில் இருந்த மணிகளைக் கூட்டினால் காந்திபுரம் 4,000, திருப்பூர் 2,250, பொள்ளாச்சி 1,600. கூட்டிய மதிப்பை இதால் வகுத்தால் மணிக்கு காந்திபுரம் 150 ரூபாய், திருப்பூர் 240, பொள்ளாச்சி 250. கடைசியில் நின்ற கிளை முதலாவதாக வந்துவிட்டது.

இங்கே நிறுத்திவிட்டு பொள்ளாச்சி மேலாளரைப் பாராட்டினால், பழைய தவறையே திசை மாற்றிச் செய்தவர்கள் ஆவோம். 150 ஏன் 150 என்று தெரிய வேண்டும். அதற்கு ஜாப் கார்டுதான் வழி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. மெக்கானிக் எப்போது கை வைத்தார், எப்போது முடித்தார் என்று அதில் நேரம் குறித்திருக்கும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று வாகனக் கம்பெனி கொடுக்கும் ஸ்டாண்டர்டு டைம் பட்டியலும் உண்டு. ஆக மூன்று வகை மணிகள் கிடைக்கின்றன. மெக்கானிக் கடையில் இருந்த மணி, வண்டியில் கை வைத்திருந்த மணி, அந்த வேலைகளுக்குப் பட்டியல்படி ஆக வேண்டிய மணி.

காந்திபுரத்து எட்டு மெக்கானிக்குகள் கடையில் இருந்தது 2,000 மணி. வண்டியில் கை வைத்திருந்தது 1,300 மணி. முடித்த வேலைக்குப் பட்டியல் நேரம் 1,430 மணி. பொள்ளாச்சியின் நான்கு பேர் இருந்தது 900 மணி, கை வைத்தது 810, பட்டியல் நேரம் 770. இப்போது நிலைமை தெளிவாகிறது. காந்திபுரத்து மெக்கானிக் கை வைத்தால் பட்டியலைவிடப் பத்து சதவீதம் வேகம். பொள்ளாச்சியில் இருப்பவர் ஐந்து சதவீதம் தாமதம். ஆனால் காந்திபுரத்தில் ஒவ்வொருவரும் தன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காத்துக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வண்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள். வாட்டர் வாஷ் மேடை ஒன்றுதான். கழுவி வரும்வரை மெக்கானிக் நிற்கிறார், பிறகு ஸ்பேர்ஸ் கவுன்டரில் நிற்கிறார். பதினொரு மணிக்கு வருகிற வாடிக்கையாளரிடம் “இன்னைக்கு ஃபுல் சார், நாளைக்கு வாங்க” என்று அட்வைசர் திருப்பி அனுப்புகிறார். அதே நேரம் பிற்பகலில் பே காலியாகக் கிடக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நகரத்தில் புது வண்டிகள் அதிகம், அதனால் ஃப்ரீ சர்வீஸ் கூப்பன்களும் அதிகம். அந்தக் கூப்பனுக்கு வாகனக் கம்பெனி கொடுக்கும் தொகை, வாடிக்கையாளர் காசு கொடுத்துச் செய்யும் சர்வீஸின் லேபர் சார்ஜைவிடக் குறைவு. கூட்டிய மதிப்பைப் பட்டியல் மணியால் வகுத்தால் காந்திபுரத்தில் மணிக்கு சுமார் 420 ரூபாய், பொள்ளாச்சியில் சுமார் 520. இந்த நூறு ரூபாய் வித்தியாசத்தில் பெரும்பகுதி வேலையின் வகையால் வருவது. மேலாளர் எவ்வளவு சத்தம் போட்டாலும் அது மாறாது. காத்திருக்கும் நேரத்தை மாற்றலாம். கை வைக்கும் நேரம் 65 சதவீதத்திலிருந்து 80 சதவீதமானால், அதே எட்டுப் பேர் அதே வேகத்தில் 330 பட்டியல் மணி கூடுதலாக முடிப்பார்கள். மணிக்கு 420 என்றால் மாதம் ஏறத்தாழ 1.4 லட்சம். திருப்பி அனுப்பப்படும் வண்டிகள் இருப்பதால் இந்த எண் வெறும் காகிதக் கணக்கு இல்லை.

ஆட்களைப் பற்றிய முடிவு எடுக்கும்போது இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொள்ளாச்சியில் மணிக்கு 250 வருவதால் அங்கே இன்னொரு மெக்கானிக்கைப் போட்டால் அவரும் 250 கொண்டுவருவார் என்று அர்த்தமில்லை. 250 என்பது இருப்பவர்களின் சராசரி. புதியவருக்கு வேலை கிடைக்குமா என்பது வாசலில் எத்தனை வண்டி காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு புக்கிங் நோட்டைப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒத்த சூழல் உள்ள கிளைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடும் கணித முறையை 1978இல் அமெரிக்காவில் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவர் உருவாக்கினார்கள். 1985இல் ஷெர்மனும் கோல்டும் அதை ஒரு வங்கியின் கிளைகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஆட்கள், இடம், செலவு ஒரு பக்கம், செய்து முடித்த பரிவர்த்தனைகள் மறுபக்கம் என்று வைத்து, எந்தக் கிளை தன்னைப் போன்ற கிளைகளைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறது என்று பார்க்கும் முறை அது. நூறு கிளை இருந்தால் அது பயன்படும். மூன்று கிளைக்கு ஜாப் கார்டே போதும் என்பது என் எண்ணம்.

காந்திபுரத்து 110 சதவீத வேகத்தை மட்டும் நான் அப்படியே நம்பிவிட மாட்டேன். செயினைக் கழற்றாமல் மேலோட்டமாக எண்ணெய் விட்டாலும் ஜாப் கார்டில் நேரம் குறையும். சர்வீஸ் ஆன பத்து நாளுக்குள் அதே புகாரோடு திரும்பி வந்த வண்டிகள் எத்தனை என்று எடுக்க வேண்டும். திரும்பி வந்த வண்டிக்குச் செலவான நேரத்தை இரண்டாவது வேலையாக எண்ணாமல், முதல் வேலையின் நேரத்தோடு சேர்க்க வேண்டும். காலை நேரத்து வண்டிகளை போனிலேயே நேரம் கொடுத்துப் பிரித்து, இன்னொரு வாஷ் மேடையும் போட்ட பிறகு, மூன்று மாதமாவது பொறுத்து இதே கணக்கை மறுபடி போட வேண்டும். அதில் ஆயுத பூஜை மாதம் விழுந்தால் போன வருடத்தின் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த மாதத்தில் எல்லாக் கிளையிலும் வண்டி குவியும்.