1.2K என்றால் எத்தனை பேர்?

திங்கட்கிழமை காலையில் பல சிறு நிறுவனங்களில் நடப்பது இது. இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர் கூகுள் அனலிட்டிக்ஸ் முகப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "இதை வச்சு நாலு வரி ரிப்போர்ட் எழுதிடுங்க" என்று கூடவே ஒரு குறிப்பு. படத்தில் உள்ள எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் தவறு நுழைவதே அங்கேதான்.

ஒரு சேலைக் கடையின் தளத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். படத்தில் Active users என்பதற்குக் கீழே 1.2K, அதன் பக்கத்தில் பச்சை அம்புக்குறியோடு 20.0%. எண்ணைத் தொடுவதற்கு முன் தேதியைத் தேடுங்கள். மூலையில் Last 7 days என்று மட்டும் இருந்தால், அது எந்த ஏழு நாள் என்பது படம் எடுத்த நாளைப் பொறுத்தது. வழக்கமாக இந்தக் கணக்கு நேற்றோடு முடியும். ஜூன் 9, திங்களன்று எடுத்த படம் என்றால் ஜூன் 2 முதல் 8 வரை. அதையே புதனன்று எடுத்திருந்தால் வாரமே வேறு. இன்னொன்று, கூகுள் கணக்கைச் சரிசெய்து முடிக்க 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். திங்கள் காலைப் படத்தில் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால், கூட்டம் குறைந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது. என்னைக் கேட்டால், புதன்கிழமை வரை பொறுத்து, தேதியைக் குறிப்பிட்டுத் தேர்ந்து படம் எடுப்பதே நல்லது.

இனி அந்த 1.2K. K என்றால் ஆயிரம் என்பது தெரிந்ததே. ஆனால் இது முழுமையாக்கிய எண். உண்மையான எண்ணிக்கை 1,150-லிருந்து 1,249-க்குள் எதுவாகவும் இருக்கலாம். எனவே "சுமார் 1,200" என்றுதான் எழுத வேண்டும். 20 சதவீத உயர்வை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் முந்தைய வாரம் ஏறக்குறைய ஆயிரம் என்று வரும். அதற்கும் "சுமார்" வேண்டும். பயனர் என்று கூகுள் எண்ணுவதும் ஆட்களை அல்ல. ஒரே பெண்மணி மத்தியானம் கைப்பேசியிலும் ராத்திரி கணினியிலும் பார்த்தால், உள்நுழையாத தளங்களில் பெரும்பாலும் இரண்டாகவே பதிவாகும்.

அடுத்த பொறி வரைபடம். கோட்டின் ஏழு புள்ளிகளையும் கண்ணளவாகப் படித்தால் 180, 175, 170, 215, 290, 250, 225 என்று வருகிறது. கூட்டினால் 1,505. மேலே 1.2K என்று இருக்கிறதே, எது தப்பு? இரண்டும் சரி. செவ்வாயும் வெள்ளியும் வந்த ஒருவர் அந்தந்த நாள் கணக்கில் ஒவ்வொன்றாக, மொத்தம் இரண்டு முறை வருவார். வாரக் கணக்கில் ஒரே முறைதான். ஆகவே பயனர் எண்ணிக்கையை நாள்வாரியாகக் கூட்டி அறிக்கையில் போடவே கூடாது. பார்க்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையைத் தாராளமாகக் கூட்டலாம், ஏனென்றால் ஒவ்வொரு பார்வையும் தனித்தனி நிகழ்வு.

படத்தின் கீழ்ப்பகுதியில் வருகைகள் எந்த வழியாக வந்தன என்ற பட்டியல் இருக்கிறது. இந்த வாரம் மொத்தம் 1,604 வருகைகள். போன வாரம் 1,290. Organic Social என்ற வரி மட்டும் 250-லிருந்து 540 ஆகியிருக்கிறது. கூடுதலாக வந்த 314 வருகைகளில் 290 சமூக ஊடகத்திலிருந்து வந்தவை. கூகுள் தேடல் கிட்டத்தட்ட அசையவே இல்லை. அறிக்கையின் உயிர் இந்த வரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை ஏன் உச்சம் என்பது படத்தில் இல்லை. அன்று யாரோ ஒரு ரீல் போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம்.

விற்பனைக்கு நேரே 50% உயர்வு என்று பச்சை அம்பு மினுக்கும். அருகே உள்ள எண் 6. அப்படியானால் போன வாரம் 4. இரண்டு சேலை கூடுதலாக விற்றதை "ஐம்பது சதவீத வளர்ச்சி" என்று எழுதினால் முதலாளி சரக்கு அதிகமாக வாங்கிவிடுவார்.

இத்தனையும் பார்த்த பிறகு எழுதும் அறிக்கை இவ்வளவுதான்:

"ஜூன் 2–8: தளத்துக்குச் சுமார் 1,200 பயனர்கள் வந்தனர், முந்தைய வாரம் சுமார் 1,000. வருகைகள் 1,290-லிருந்து 1,604 ஆயின. உயர்வு பெரும்பாலும் சமூக ஊடகத்திலிருந்து, வெள்ளியன்று உச்சம். ஆர்டர்கள் 6 (முந்தைய வாரம் 4). ஞாயிறு எண்கள் இன்னும் மாறக்கூடும். வெள்ளிக்கிழமை நம் பக்கத்தில் என்ன பதிவிடப்பட்டது என்று உறுதிசெய்ய வேண்டும்."

கடைசி வாக்கியத்துக்கு விடை தெரிந்தவர் பெரும்பாலும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியவராகவே இருப்பார். அறிக்கையை மேலே அனுப்பும் முன் அவருக்கு ஒரு போன் போட்டால், அந்த வரி கேள்வியாக இல்லாமல் காரணமாகவே போய்ச்சேரும்.