நினைவின் மூன்று படிகள்

புலன் நினைவு → கவனம் → குறுகிய கால நினைவு → மனத்துக்குள் ஒத்திகை → நீண்ட கால நினைவு. 1968-இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் முன்வைத்த வரைபடம் இது.

முதல் படிக்கு ஆதாரம் ஸ்பெர்லிங்கின் 1960 சோதனை. மூன்று வரிசைகளில் 12 எழுத்துகள் கண நேரம் மின்னி மறையும். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால் நான்கைந்துதான் வரும். ஆனால் மறைந்தவுடன் ஓர் ஒலியால் ஒரு வரிசையை மட்டும் கேட்டால், அதன் நான்கில் மூன்றைச் சொல்லிவிடுகிறார்கள். எந்த வரிசை என்பது முன்பே தெரியாது. ஆகவே சுமார் ஒன்பது எழுத்துகள் அக்கணம் மனத்தில் இருந்திருக்கின்றன! ஒரு விநாடி தாமதித்தால் இந்த அனுகூலம் போய்விடும்.

அடுத்த இரு படிகளையும் 1966-இல் கிளான்சரும் குனிட்சும் பிரித்துக் காட்டினர். சொற்பட்டியலைக் கேட்டதும் முதல், கடைசிச் சொற்கள் நன்றாக நினைவுக்கு வரும். 30 விநாடி எண்ண வைத்தால் கடைசிச் சொற்கள் மட்டும் நழுவும். ஒத்திகை கிடைத்த முதல் சொற்கள் நிலைக்கும்.

ஆனால் குறுகிய கால நினைவு சிதைந்தும் புதியவற்றைக் கற்ற ஒரு நோயாளியை ஷாலிஸும் வாரிங்டனும் 1970-இல் பதிவுசெய்தனர். அந்த இரண்டாம் அம்பு அவ்வளவு நேரானதல்ல.